ஏழரை மில்லிமீட்டர்லயும் நிக்கணும், இருபதடி போர்டுலயும் நிக்கணும்: ஒரு டவரா டம்ளர் லோகோ பட்ட பாடு

திருச்சியில ஒரு காபித்தூள் கடை, பேரு வேண்டாம், மூணு தலைமுறையா நடக்குது. பேரன் வந்து உக்காந்ததும் வீட்டுக்கே தூள் அனுப்ப ஒரு ஆப் போடலாம்னு முடிவு பண்ணிட்டார், அதே நேரத்துல கடை முகப்பையும் இடிச்சு புதுசா கட்டிட்டு இருந்தாங்க. எனக்கு போன் பண்ணி அவர் சொன்னது இதுதான்: "அண்ணா, இருக்கிற லோகோவை கொஞ்சம் கிளீன் பண்ணி குடுத்துருங்க, ஆப்புக்கும் போர்டுக்கும் அதையே போட்டுக்கலாம், ரெண்டு நாள் வேலைதான்." நானும் சரின்னுட்டேன். ரெண்டரை மாசம் ஆச்சு.

பழைய லோகோ எப்படி இருந்துச்சுன்னா, ஒரு வட்டம், வட்டத்தோட விளிம்பை சுத்தி கடைப்பேரும் ஆரம்பிச்ச வருஷமும் பொடி எழுத்துல, நடுவுல டவராவுல வச்ச டம்ளர், அதுலேர்ந்து மூணு கோடா ஆவி, கீழ ரெண்டு காபிக்கொட்டை, டம்ளர்ல பித்தளை மினுமினுப்புக்கு நாலஞ்சு மெல்லிசு கோடு. அந்தக் காலத்து லித்தோ பாக்கெட்டுக்கு அழகா வரைஞ்சிருக்காங்க, குறை சொல்ல ஒண்ணுமில்ல. நான் அதை ஸ்கேன் பண்ணி இல்லஸ்ட்ரேட்டர்ல சுத்தமா டிரேஸ் பண்ணேன், கோடெல்லாம் ஒரே தடிமனுக்கு கொண்டு வந்தேன், பிரவுன் கலரை கொஞ்சம் நல்ல பிரவுன் ஆக்கினேன். லேப்டாப்ல ஸ்கிரீன் முழுக்க வச்சு காட்டுனேன், தாத்தா, அப்பா, பேரன் மூணு பேருக்கும் பிடிச்சுப்போச்சு, அன்னைக்கே அட்வான்ஸும் குடுத்துட்டாங்க.

தப்பு அங்கதான் ஆரம்பிச்சுது. லேப்டாப்ல ஒரு அடி அகலத்துக்கு பார்த்தோம்ல, அந்த சைஸ்ல அந்த லோகோவை வாடிக்கையாளர் யாருமே பார்க்கப் போறதில்ல. ஒண்ணு அதைவிட ரொம்ப சின்னது, இல்ல ரொம்பப் பெருசு. யாரும் பார்க்காத ஒரு சைஸ்ல ஓகே வாங்கிட்டு வந்துட்டேன்.

ஆப் டெஸ்ட் வெர்ஷன் வந்தப்ப பேரன் அதை தாத்தா போன்ல இன்ஸ்டால் பண்ணி குடுத்தார். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஸ்கிரீனை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் தள்ளிட்டு, "இதுல எதுப்பா நம்மளது?"ன்னார். பேரன் விரலை வச்சு காட்டினார். பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துட்டு என் பக்கம் திரும்பி "தம்பி, இது என்ன, வறுத்த கொட்டையா?"ன்னு கேட்டார். உண்மையிலேயே அப்படித்தான் இருந்துச்சு. ஒரு பிரவுன் உருண்டை, உள்ள ஏதோ கலங்கின மாதிரி.

அன்னைக்கு ராத்திரி உக்காந்து ஒரு கணக்கு போட்டேன், இதை முதல் நாளே போட்டிருக்கணும். ஆண்ட்ராய்டுல ஹோம் ஸ்கிரீன் ஐகான் அடிப்படையா 48 டிபி. டிபிங்கிறது இஞ்சுக்கு 160னு வச்ச கணக்கு, அப்ப 48 டிபின்னா 0.3 இஞ்ச், சுமார் ஏழரை மில்லிமீட்டர். போன்ல கம்பெனிக்கு கம்பெனி கொஞ்சம் கூடக்குறைய இருக்கும், ஆனா சுண்டு விரல் நகத்தை விட பெருசில்ல. போர்டுல சின்னத்துக்கு நாங்க பேசி வச்சிருந்த இடம் மூணு அடி, அதாவது 914 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட 120 மடங்கு. அந்த பழைய லோகோவுல மினுமினுப்புக் கோடு மொத்த அகலத்துல நூத்துல ஒரு பங்கு தடிமன், போர்டுல அது ஒன்பது மில்லிமீட்டர் பட்டை, போன்ல ஒரு மில்லிமீட்டர்ல பதிமூணுல ஒரு பங்கு. போன் அந்தக் கோட்டை வரையவே முடியாம பக்கத்து கலரோட கலந்து ஒரு சாம்பல் பிரவுனா காட்டுது. இது போன்ல உள்ள குறை இல்ல. ஒரே படத்தை நூத்தி இருபது மடங்கு இழுக்கலாம்னு நான் நினைச்சதுதான் குறை.

அதனால ஒரே ஐடியாவை மூணு தடவை வரையறதுன்னு முடிவு பண்ணேன். பெருசு, நடுத்தரம், பொடிசு. பெருசுல வட்டம், டவரா, டம்ளர், ரெண்டு ஆவி. நடுத்தரத்துல வட்டம் போயிடும், ஒரு ஆவி. பொடிசுல டவராவும் டம்ளரும் மட்டும், நிழலுருவம் மாதிரி நிரப்பினது. காபிக்கொட்டையை மூணுலேர்ந்தும் எடுத்துட்டேன், அதுக்கு ஒரு சண்டை நடந்துச்சு, "கொட்டை இல்லாம காபிக்கடையா"ன்னு. டவரா டம்ளரைப் பார்த்துட்டு டீக்கடைன்னு நினைக்கிறவன் நம்ம ஊர்ல யாரும் இல்லய்யான்னு சொன்னேன், ஒத்துக்கிட்டாங்க.

இதுல நான் கத்துக்கிட்ட முக்கியமான விஷயம், பொடிசுலேர்ந்துதான் ஆரம்பிக்கணும். பெருசை வரைஞ்சுட்டு ஒண்ணொண்ணா எடுத்துக்கிட்டே போனா கடைசில மிஞ்சறது எலும்புக்கூடு மாதிரி வரும், எதை எடுக்கவும் மனசு வராது. பொடிசுல எது நிக்குதோ அதை வச்சு பெருசுக்கு சேர்த்துக்கிட்டே போனா ரெண்டும் ஒரே குடும்பமா இருக்கும்.

பொடிசுக்கு 24க்கு 24 கட்டம் போட்டுக்கிட்டேன், ஒவ்வொரு கோடும் ஓரமும் கட்டத்துக் கோட்டுமேல உக்கார்ற மாதிரி. பாதி கட்டத்துல கோடு நின்னா பிக்சல்ல அது ரெண்டு வரிசையா பிரிஞ்சு மங்கலாயிடும். முதல்ல நான் வரைஞ்சதுல டம்ளரும் டவராவும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு ஒரே உருவமா இருந்துச்சு. பெருசா பார்க்கிறப்ப நல்லாத்தான் இருந்துச்சு. போன்ல போட்டு அந்த வீட்டு அம்மாகிட்ட காட்டினப்ப அவங்க யோசிக்காம சொன்னாங்க, "உரலு மாதிரி இருக்கே". அவங்க சொன்னதுக்கப்புறம் எனக்கும் அது உரலா மட்டும்தான் தெரிஞ்சுது, அதுக்கு மேல டம்ளரா பார்க்கவே முடியல.

சரி பண்ணது ஒரு இடைவெளிதான். டம்ளரோட அடிக்கும் டவராவோட விளிம்புக்கும் நடுவுல ரெண்டு கட்டம் வெத்தா விட்டேன், டம்ளரோட வாய் வெளிய மடங்கற அந்த உதட்டை ஒரு கட்டம் நீட்டினேன், டவராவோட உதட்டையும் அதே மாதிரி. நிஜ டம்ளர்ல உதடு அவ்வளவு நீளம் கிடையாது. ஆனா அந்த ரெண்டு உதடும் நடுவுல அந்த வெத்திடமும் இருந்தா போதும், தமிழ்நாட்டுல யார்கிட்ட காட்டினாலும் டவரா டம்ளர்ங்கிறாங்க. ஒரு கட்டம் இடைவெளி வச்சும் பார்த்தேன், நல்ல போன்ல தெரிஞ்சுது, பெரியவர் போன்ல மறுபடி உரலு. அதனால டெஸ்ட் எப்பவும் வீட்டுலயே மட்டமான போன்லதான் பண்ணணும், அதுவும் கையை நீட்டி ஒரு அடி தள்ளி வச்சு, பிரைட்னஸை பாதியாக்கி.

அடுத்த சிக்கல் ஆண்ட்ராய்டு ஐகானோட வடிவம். அடாப்டிவ் ஐகான்னு சொல்வாங்க, பின்னணி ஒரு லேயர், சின்னம் ஒரு லேயர், ரெண்டும் 108க்கு 108 டிபி. போன் கம்பெனி அதை வட்டமா வெட்டுமா, ஓரம் வளைஞ்ச சதுரமா வெட்டுமா நமக்குத் தெரியாது. எப்படி வெட்டினாலும் தப்பிக்கிறது நடுவுல 66 டிபி விட்டமுள்ள வட்டம் மட்டும்தான். அதாவது கேன்வாஸ்ல பாதிக்குக் கொஞ்சம் மேல. முதல் தடவை நான் 108 முழுக்க நிரப்பிட்டேன், போன்ல போட்டதும் டவராவோட ரெண்டு உதடும் அறுபட்டுப் போச்சு. உதடுதான் அடையாளமே, அது போனா மறுபடி உரலு. கிடைக்கிற இடம் இவ்வளவுதான்னு தெரிஞ்சதும் ஐகான்ல கடைப்பேரு எழுத்தை வைக்கணும்ங்கிற பேச்சே போச்சு, போன்ல ஐகானுக்குக் கீழ பேரு எப்படியும் வருது.

நோட்டிபிகேஷன் ஐகான் இன்னொரு கதை. ஆர்டர் கிளம்பிடுச்சுன்னு மெசேஜ் வந்தப்ப மேல ஸ்டேட்டஸ் பார்ல ஒரு வெள்ளைக் கட்டி. டெவலப்பர் பையன் ஆப் ஐகானையே அதுக்கும் போட்டுட்டான். அந்த 24 டிபி ஐகான்ல ஆண்ட்ராய்டு கலரையே கண்டுக்காது, எங்க ட்ரான்ஸ்பரன்ட் இல்லையோ அங்கெல்லாம் வெள்ளை அடிச்சிடும், பிரவுன் பின்னணி முழுசும் வெள்ளைக் கட்டியாயிடுச்சு. பின்னணி இல்லாம பொடிசு டவரா டம்ளரை மட்டும் தனியா குடுத்தேன், சரியாச்சு. ஆண்ட்ராய்டு 13லேர்ந்து வால்பேப்பர் கலருக்கு ஐகான் மாறுறதுக்கு ஒரு ஒத்தைக்கலர் லேயர் குடுக்கலாம், அதுக்கும் இதே ஃபைல் ஓடிடுச்சு. நிரப்பின நிழலுருவமா ஒண்ணு கையில இருந்தா இந்த மாதிரி இடத்துலெல்லாம் காப்பாத்தும். கடை பில் மிஷினும் அப்படித்தான், தெர்மல் பிரிண்டர்ல கறுப்பு இல்லன்னா வெள்ளை, நடுவுல ஒண்ணும் கிடையாது, பிரவுன் லோகோவை அனுப்பினா புள்ளி புள்ளியா அம்மை போட்ட மாதிரி அடிக்கும். நடுத்தரத்தை சுத்தக் கறுப்புல குடுத்தேன். பாக்கெட், கார்டு, டப்பா இதுல எல்லாம் பெருசா பிரச்சனை வரல, அதைப் பத்தி சொல்ல ஒண்ணுமில்ல.

போர்டுதான் எனக்கு பாடம் எடுத்துச்சு. இத்தனை வருஷமா பெருசு பண்றது ஈஸின்னு நினைச்சிட்டு இருந்தேன், வெக்டார் ஃபைல்தானே, எவ்வளவு வேணாலும் இழுத்துக்கலாம்னு. படம் இழுபடும். தகரமும் அக்ரிலிக்கும் லைட்டும் நம்ம இஷ்டத்துக்கு இழுபடாது.

போர்டு இருபதடி நீளம், நாலடி உயரம், பின்னணிக்கு ஏசிபி ஷீட், அதாவது நடுவுல பிளாஸ்டிக் வச்ச அலுமினியத் தகடு, மேல தனித்தனி அக்ரிலிக் எழுத்து, எழுத்துக்குள்ள எல்இடி. போர்டு செய்யுற அண்ணனோட பட்டறைக்கு ஃபைலை மெயில் பண்ணிட்டு மறுநாள் போனா அவர் கம்ப்யூட்டர்ல டவராவோட விளிம்பு முடி மாதிரி தெரியுது. "தம்பி, நீங்க குடுத்ததே இப்படித்தான்"ங்கிறார். பார்த்தா என் தப்புதான். இருபதடின்னா 240 இஞ்ச், இல்லஸ்ட்ரேட்டர்ல சாதாரண கேன்வாஸ் 227 இஞ்சுக்கு மேல போகாது, அதனால நான் பத்துல ஒரு பங்கு அளவுல போட்டு அனுப்பியிருந்தேன். அவர் அதை கோரல்ட்ராவுல திறந்து பத்து மடங்கு இழுத்தார். உருவம் பத்து மடங்கு ஆச்சு, ஆனா நான் ஸ்ட்ரோக்கா விட்டு வச்சிருந்த கோடெல்லாம் பழைய தடிமன்லயே நின்னுடுச்சு. ஸ்ட்ரோக்னா அது ஒரு கோட்டுக்கு குடுத்த எண்ணு, அந்த எண்ணையும் சேர்த்துப் பெருக்கணும்னு சாஃப்ட்வேர்ல டிக் பண்ணியிருந்தாத்தான் பெருகும். அதுக்கப்புறம் வெளிய போற எந்த ஃபைல்லயும் ஸ்ட்ரோக்கே வைக்கிறதில்ல, எல்லாத்தையும் நிரப்பின உருவமா மாத்திடுவேன். இல்லஸ்ட்ரேட்டர்ல `Outline Stroke`, கோரல்ல `Ctrl+Shift+Q`. எழுத்தையும் அதே மாதிரி, கோரல்ல `Ctrl+Q` அடிச்சு வளைவுகளாக்கி அனுப்பணும், இல்லன்னா அவர்கிட்ட அந்த ஃபான்ட் இல்லாம அவர்கிட்ட இருக்கிற ஏதோ பழைய தமிழ் ஃபான்ட்டுக்கு மாறி "காபி" அங்க "ஊடீஜ்"னு ஏதாவது நிக்கும். ஃபைலோட பேர்லயே `1_10` னு எழுதுறேன் இப்பல்லாம், அது போக படத்துக்குள்ளயே ஒரு ஓரத்துல நிஜ அளவு ஒரு அடிக்கு ஒரு பட்டை போட்டு "இது 1 அடி"ன்னு எழுதிடுவேன். இழுத்ததுக்கப்புறம் அதை அளந்து பார்த்தா சரியா தப்பான்னு அவருக்கே தெரிஞ்சிடும்.

எழுத்து எவ்வளவு உயரம் வேணும்ங்கிறதுக்கு போர்டு தொழில்ல ஒரு கணக்கு இருக்கு, பத்தடி தூரத்துக்கு ஒரு இஞ்ச் உயரம் இருந்தா சிரமம் இல்லாம படிக்கலாம். கடைக்கு எதிர்ல பஸ் ஸ்டாப் அறுபதடி, அதுக்கு ஆறு இஞ்ச் போதும். ஆனா பஸ்ல வர்றவன் நூத்தம்பதடி முன்னாடியே பார்த்தாத்தான் இறங்கலாமான்னு யோசிப்பான், அதுக்கு பதினஞ்சு இஞ்ச். இந்தக் கணக்கு இங்கிலீஷ் கேப்பிட்டல் எழுத்துக்கு சொன்னது. தமிழ்ல "பி"யோட வளைவு மேல போகும், புள்ளி மேல நிக்கும், சில எழுத்து கீழ இறங்கும், அதனால பதினஞ்சுங்கிறதை நான் எழுத்தோட உடம்புக்கு வச்சேன், "ப"வோட உயரம்னு வச்சுக்கங்க. மேல அஞ்சு இஞ்ச், கீழ மூணு இஞ்ச், ஆக தமிழ் வரி மட்டும் 23 இஞ்ச். கடைப் போர்டுல தமிழ் முதல்லயும் பெருசாவும் இருக்கணும்ங்கிறது இங்க விதி, தமிழ், இங்கிலீஷ், மத்த மொழின்னு 5:3:2 கணக்கு சொல்வாங்க. அதுப்படி இங்கிலீஷ் ஒன்பது இஞ்ச். நடுவுல நாலு இஞ்ச் இடைவெளி, மொத்தம் 36, மேலயும் கீழயும் ஆறு ஆறு விட்டா 48 இஞ்ச், நாலடி சரியா முடிஞ்சுது. ஆனா இதுல ஒரு சிக்கல், பேரன் ஆப்புக்குள்ள போடுறதுக்கு வாங்கி வச்சிருந்த அமைப்புல இங்கிலீஷ் பெருசு, தமிழ் அதுக்குக் கீழ பொடிசு. அதை அப்படியே போர்டுக்கு ஏத்த முடியாது. ரெண்டு அமைப்பு வச்சுக்கிட்டு திண்டாட வேண்டாம்னு ஆப்புலயும் தமிழை மேல ஏத்திட்டோம், பெரியவருக்கு அதுல ரொம்ப சந்தோஷம்.

எழுத்துக்கு நான் தேர்ந்தெடுத்திருந்தது ஒரு தடிப்பும் மெலிவும் கலந்த அழகான ஃபான்ட். போர்டு அண்ணன் ஒரு ஸ்கேலை எடுத்து மெலிஞ்ச இடத்துல வச்சு காட்டினார், முக்கால் இஞ்ச். "இதுக்குள்ள எப்படி தம்பி நான் லைட்டை வைக்கிறது?" எழுத்துங்கிறது அவருக்கு ஒரு டப்பா. பக்கவாட்டுல ரெண்டு இஞ்ச் ஆழத்துக்கு பட்டையை வளைச்சு ஒட்டணும், உள்ள எல்இடி பல்பு வச்ச சின்னப் பட்டை, மாட்யூல்னு சொல்வாங்க, அதை ஒட்டணும், ஒயர் போகணும், மூடி போடணும். அவர் கையில இருந்த மூணு பல்பு மாட்யூல் ரெண்டேமுக்கா இஞ்ச் நீளம், அரை இஞ்சுக்கு மேல அகலம். ஒடுங்கின இடத்துல அது போகாது, போனாலும் ஓரத்துல வெளிச்சம் கம்மியாகி எழுத்து அங்க அறுந்து தெரியும். அதனால எழுத்தை நானே மறுபடி வரைஞ்சேன், எல்லா இடத்துலயும் ரெண்டு இஞ்ச் தடிமன் வர்ற மாதிரி. சுழிகளுக்கு உள்ள இருக்கிற வெத்திடம் குறைஞ்சது ஒன்றரை இஞ்சாவது வேணும்னார், அதுக்குக் கீழ போனா பட்டையை அவ்வளவு சின்ன வளையமா வளைக்க முடியாது, உடைஞ்சிடும். "ஸ" எழுத்துல சுழி ரெண்டை ஒண்ணாக்கி எளிமையாக்க வேண்டியிருந்துச்சு.

அப்புறம் புள்ளி. இங்கிலீஷ் போர்டு செஞ்சு பழகினவங்க இதை மறந்துடுவாங்க. "காபி ஸ்டோர்ஸ்"ல மூணு புள்ளி இருக்கு. ஒவ்வொண்ணும் தனி டப்பா, தனி ஓட்டை, தனி ஒயர். என் வரைபடத்துல புள்ளி ரெண்டு இஞ்ச், அந்த ரெண்டேமுக்கா இஞ்ச் மாட்யூல் அதுக்குள்ள எங்க போறது. புள்ளியை மூணு இஞ்ச் ஆக்கி, ஒத்தை பல்பு மாட்யூல் போடறதுன்னு முடிவாச்சு. மூணு இஞ்ச் புள்ளி பேப்பர்ல கொஞ்சம் குண்டா தெரியும். மேல ஏத்தி கீழேர்ந்து அண்ணாந்து பார்த்தா அது சரியாத்தான் இருக்கு.

கலர்தான் எல்லாத்தையும் விட பெரிய அடி. லோகோ பிரவுன், அதனால பிரவுன் எழுத்து, கிரீம் பின்னணின்னு எல்லாரும் மனசுல வச்சிருந்தோம். அண்ணன் ஒரு துண்டு பிரவுன் அக்ரிலிக்கை எடுத்து எரியற மாட்யூல் மேல வச்சு பட்டறை லைட்டை அணைச்சார். ஒண்ணுமே தெரியல, கறுப்பு. கொஞ்சம் வெளிறின பிரவுனை வச்சார், ஆரஞ்சா எரிஞ்சுது. யோசிச்சா காரணம் புரியும், பிரவுன்ங்கிறதே மங்கலான ஆரஞ்சுதான், பக்கத்துல வெளிச்சமா ஒண்ணு இருந்தாத்தான் அது பிரவுனா தெரியும், அதையே வெளிச்சமாக்கினா ஆரஞ்சாயிடும். பிரவுன் வெளிச்சம்னு ஒண்ணு கிடையாது. போன்லயும் பார்த்தீங்கன்னா கறுப்பு வால்பேப்பர் மேல பிரவுன் ஐகான் வேற மாதிரிதான் இருக்கும்.

அதனால தலைகீழா மாத்தினோம், பின்னணி பிரவுன் ஏசிபி, எழுத்து கிரீம். நான் கலரை மட்டும் மாத்திக் குடுத்துட்டேன், அதுவும் தப்பு. இருட்டு மேல வெளிச்ச எழுத்து எப்பவும் கொஞ்சம் ஊதின மாதிரி தெரியும், லைட் எரிஞ்சா இன்னும் ஊதும். நல்லவேளை அண்ணன் மொத்தத்தையும் வெட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு எழுத்து மாதிரிக்கு செய்யலாம்னார், நான் இருக்கிறதுலயே கஷ்டமான "ஸ்"ஸை செய்யச் சொன்னேன். அதை பட்டறை வாசல்ல கட்டித் தொங்கவிட்டு ராத்திரி ஏழரை மணிக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்னு பார்த்தோம். பகல்ல அழகா இருந்த எழுத்துல உள் இடைவெளியெல்லாம் வெளிச்சத்துல மூழ்கி ஒரு பூசணிக்காய் மாதிரி நின்னுச்சு. புள்ளியும் எழுத்தும் ஒட்டிக்கிச்சு. அதோட அவர் போட்டிருந்தது கூல் ஒயிட் எல்இடி, கிரீம் அக்ரிலிக் நீலம் கலந்த வெள்ளையா, மருந்துக்கடை மாதிரி இருந்துச்சு. வார்ம் ஒயிட்டுக்கு மாத்தச் சொன்னேன். உள் இடைவெளியை அரை இஞ்ச் கூட்டினேன், புள்ளியை எழுத்துலேர்ந்து ஒரு இஞ்ச் தள்ளினேன், எழுத்துக்கு எழுத்து இடைவெளியும் கொஞ்சம் கூட்டினேன். வழக்கமா பெரிய சைஸ்ல எழுத்தை நெருக்கணும்னு சொல்லிக்குடுப்பாங்க, பேப்பர்ல அது உண்மைதான், எரியற எழுத்துக்கு நேர் எதிர். அந்த ஒரு எழுத்துக்கு ஆன செலவு மொத்த போர்டு செலவுல ஒண்ணுமே இல்ல, அது இல்லாம இருந்தா மொத்தத்தையும் குப்பையில போட்டிருப்போம்.

வேடிக்கை என்னன்னா, போன்ல டம்ளருக்கும் டவராவுக்கும் நடுவுல ரெண்டு கட்டம் விட்டேன்ல, போர்டுல எரியற சின்னத்துலயும் அதே இடைவெளிதான் முதல்ல மூழ்கிச்சு. 24ல ரெண்டுன்னா மூணு அடில மூணு இஞ்ச் வரும், ஆனா நான் பெருசுக்கு டம்ளரை நிஜம் மாதிரி வரையறேன்னு அந்த இடைவெளியை ஒரு இஞ்சுக்கு குறைச்சிருந்தேன். பேசாம பொடிசுல இருந்த மூணு இஞ்சையே திருப்பிக் கொண்டு வந்துட்டேன். ஆக மிகச் சின்னதும் மிகப் பெருசும் ஒரே மாதிரி முரட்டுத்தனமா இருக்கு, நுணுக்கமெல்லாம் நடுத்தரத்துல மட்டும்தான், பாக்கெட்டை கையில வச்சு பார்க்கிறவனுக்கு.

ஏசிபி ஷீட் எட்டடிக்கு நாலடிதான் வரும், இருபதடிக்கு இணைப்புக் கோடு விழுந்தே தீரும். விட்டா அவங்க இடதுபக்கம் ஆரம்பிச்சு எட்டு, பதினாறுன்னு வெட்டிக்கிட்டே போவாங்க, கோடு எழுத்துக்கு நடுவுல ஓடும். நாலு, எட்டு, எட்டுன்னு பிரிக்கச் சொன்னேன், நாலடித் துண்டுல சின்னம் மட்டும், முதல் கோடு சின்னத்துக்கும் பேருக்கும் நடுவுல, ரெண்டாவது பன்னண்டு அடில, அது ரெண்டு வார்த்தைக்கு நடுவுல வர்ற மாதிரி பேரை ரெண்டு இஞ்ச் நகர்த்தினேன். இப்ப அந்தக் கோடு வேணும்னே போட்ட மாதிரி இருக்கு, கேக்கிறவங்ககிட்ட நானும் ஆமாங்கிறேன்.

போர்டு ஏறி நாலு மாசம் கழிச்சு, ஐப்பசி மழையில ஒரு ராத்திரி பேரன்கிட்டேர்ந்து போட்டோ வந்துச்சு, கீழ "அண்ணா, ர்-க்கு புள்ளி போச்சு, ஸ்டோரஸ் ஆயிட்டோம்"னு. அண்ணன் ஏணி போட்டு ஏறி பார்த்தா அந்தப் புள்ளியில இருந்த ஒத்தை மாட்யூல்ல தண்ணி இறங்கியிருந்துச்சு. மத்த எழுத்துல ஒண்ணு போனா பக்கத்துல இருக்கிறது சமாளிக்கும், கொஞ்சம் மங்கும் அவ்வளவுதான், புள்ளிக்கு அந்த வசதி இல்ல. மூணு இஞ்ச் புள்ளியில ஒத்தை பல்பு மாட்யூல் ரெண்டு தாராளமா போகும், மூணு புள்ளியையும் கழட்டி ரெண்டு ரெண்டா போட்டு, அடியில தண்ணி வடியறதுக்கு ஒரு சின்ன ஓட்டையும் போட்டு மாட்டினார். என் ஃபைல்லயும் புள்ளிக்குப் பக்கத்துல "மாட்யூல் 2, வடிகால் ஓட்டை 1"னு எழுதி வச்சுட்டேன், அவங்க ஸ்ரீரங்கத்துல ரெண்டாவது கடைக்கு இடம் பார்த்துட்டு இருக்காங்க.